பூவா தலையா: எத்தனை தடவை தலை வைப்பது?

"நானும் ரூம்மேட்டும் ஆளுக்கொரு நாணயத்தைக் கையால் மூடிவைத்து ஒரே நேரத்தில் திறப்போம். இரண்டும் தலை என்றால் அவன் எனக்கு 3 ரூபாய் தரணும், இரண்டும் பூ என்றால் 1 ரூபாய். மாறி விழுந்தால் நான் அவனுக்கு 2 ரூபாய். சமமான ஆட்டம் மாதிரிதான் தெரிகிறது. நானும் தலையையும் பூவையும் பாதிப்பாதி கலந்துதான் வைக்கிறேன். ஆனாலும் கை நஷ்டம் எனக்கே. எப்படி ஆடணும்?"

நான்கு முடிவுகளும் கால் பங்கு வீதம் வரும் என்று வைத்துக்கொண்டால் சமம்தான். ஆனால் நாணயத்தை யாரும் சுண்டவில்லையே, இருவரும் பார்த்துத்தானே வைக்கிறீர்கள்? நீங்கள் பாதிப்பாதி வைப்பது தெரிந்தால் அவருக்கு வேலை சுலபம். அவர் எப்போதும் பூவே வைக்கட்டும். பாதி தடவை நீங்கள் தலை வைத்து 2 ரூபாய் இழப்பீர்கள், மீதி பாதியில் 1 ரூபாய் பெறுவீர்கள். ஆட்டத்துக்குச் சராசரியாக 50 பைசா போகிறது.

இதைத் தடுக்க, அவர் தலை வைத்தாலும் பூ வைத்தாலும் அவருக்குக் கிடைப்பது ஒன்றே என்றாகும்படி நீங்கள் கலக்க வேண்டும். நீங்கள் தலை வைக்கும் நிகழ்தகவை p என்போம். அவருடைய சராசரி வரவு இது:

அவர் தலை வைத்தால்: −3p + 2(1−p) = 2 − 5p
அவர் பூ வைத்தால்: 2p − (1−p) = 3p − 1

இரண்டையும் சமன் செய்தால் 8p = 3, அதாவது p = 3/8. எட்டில் மூன்று தடவைதான் தலை. 3 ரூபாய் பரிசு தலையில் இருக்கும்போது அதைக் குறைத்து வைப்பது விசித்திரமாகத்தான் படும். விடையை மேலே உள்ள இரண்டு வரியிலும் போட்டுப் பாருங்கள், இரண்டிலும் 1/8 வரும். அவர் என்ன செய்தாலும் ஆட்டத்துக்கு 12.5 பைசாதான் அவருக்கு. இதேபோல் உங்கள் வரவைச் சமன் செய்தால் அவருடைய கலவை கிடைக்கும். இந்த ஆட்டத்தில் அதுவும் 3/8 தான். இருவரும் அப்படி ஆடுவதே கலப்பு உத்திச் சமநிலை. (p பூஜ்யத்துக்குக் கீழேயோ 1-க்கு மேலேயோ வந்தால், யாரோ ஒருவருக்கு எப்போதும் மேலான ஒரு தேர்வு இருக்கிறது என்று அர்த்தம். அங்கே கலக்கவே வேண்டாம்.)

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. உங்கள் கலவையை எதிராளியின் வரவுதான் தீர்மானிக்கிறது. உங்கள் வரவு தீர்மானிப்பது அவருடைய கலவையை. உங்கள் ஆட்டத்தில் ஒருவர் லாபம் மற்றவர் நஷ்டம் என்பதால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. கோரே, ஹோல்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2001-இல் வெளியிட்ட சோதனையில் இது பளிச்சென்று தெரிகிறது. இதேபோன்ற ஆட்டத்தில் ஒருவருக்கு மட்டும் ஒரு முடிவுக்கான பரிசை 80-லிருந்து 320 ஆக்கினார்கள். எதிராளியின் பரிசு மாறவில்லை. கணக்குப்படி, பரிசு கூடியவர் முன்போலவே பாதிப்பாதி ஆட வேண்டும், எதிராளிதான் அந்தப் பக்கத்தைத் தவிர்க்க வேண்டும். நடந்தது என்ன? பரிசு கூடியவர்களில் 96 சதவீதம் பேர் 320 இருந்த பக்கத்தையே தேர்ந்தெடுத்தார்கள். ஆக, சமநிலை என்பது மனிதர்கள் எப்படி ஆடுவார்கள் என்பதற்கான ஜோசியம் ஆகாது.

சரி, 3/8-ஐ நடைமுறையில் எப்படி வைப்பது? மனசுக்குள் கலந்தால் ஒழுங்கு தட்டும்: இரண்டு முறை பூ வைத்தவருக்கு அடுத்தது தலை வைக்கத் தோன்றும், எதிராளி அதைப் பிடித்துவிடுவார். அவர் பார்க்காமல் ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டுங்கள். சரியாக ஒரு தலை விழுந்தால் மட்டும் தலை வையுங்கள், இல்லையென்றால் பூ. எட்டு வாய்ப்பில் அப்படி விழுவது மூன்று.

இது கேடயம் மட்டுமே. இப்படி ஆடினால் அவர் தப்பாக ஆடினாலும் உங்களுக்கு லாபம் வராது. அவர் 3/8-க்கு மேல் தலை வைப்பதாகத் தெரிந்தால் நீங்கள் தலையே வைக்கலாம். அவர் பாதிப்பாதி ஆடினால் ஆட்டத்துக்கு 50 பைசா உங்களுக்கு, அவர் விழித்துக்கொள்ளும் வரை. அவரும் சரியாக 3/8-இல் நின்றுவிட்டால் நீங்கள் எப்படி ஆடினாலும் 12.5 பைசா போகும், நூறு ஆட்டத்துக்குச் சராசரியாக 12 ரூபாய் 50 பைசா.

அதனால் விதியை மாற்றச் சொல்லுங்கள். மாறி விழுந்தால் x ரூபாய் என்று வைத்து இருவரும் சமநிலைப்படி ஆடினால் உங்கள் சராசரி (3 − x²)/(4 + 2x). இது பூஜ்யமாக x = √3, சுமார் 1.73 ரூபாய். ஒன்றரை ரூபாய்க்கு அவர் ஒப்புக்கொண்டால் தலையை 14-இல் 5 தடவை வையுங்கள், ஆட்டத்துக்குப் பத்து பைசாவுக்குச் சற்று மேல் உங்கள் பக்கம் வரும். கணக்குத் தெரிந்த ஆள் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார்.