ஒரே மூச்சில் வாசித்துப் பார்க்கும் முறை

"ஆய்வு வாய்மொழித் தேர்வுக்கு 18 ஸ்லைடுகள் தயாரித்துள்ளேன். வரிகள் நீளம் என்கிறார் நெறியாளர். எந்த வரி நீளம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

எழுந்து நின்று, இயல்பான ஒரு மூச்சை மட்டும் இழுத்து, அறையின் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரலில், பேசும் வேகத்திலேயே ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். மூச்சு தீர்ந்த சொல்லின்மேல் ஒரு கோடிடுங்கள். வேகத்தைக் கூட்டி முடித்துவிட்டால் அந்த வரி தேறியதாகக் கொள்ளக் கூடாது. எல்லோரும் ஏமாறும் இடம் அதுதான்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், மூச்சு பெரும்பாலும் செய்தி வருவதற்குச் சற்று முன்பே தீரும். எடுத்துக்காட்டாக, "மழைநீர் சேகரிப்பு அமைப்புகள் முறையாகப் பராமரிக்கப்படாத காரணத்தால் கிணறுகளின் நீர்மட்டம் எதிர்பார்த்த அளவுக்கு உயரவில்லை என்பது கண்டறியப்பட்டுள்ளது" என்ற வரியில் எனக்கு "எதிர்பார்த்த" என்பதிலேயே மூச்சு நின்றுவிடுகிறது. முதலில் வெட்ட வேண்டியது "என்பது கண்டறியப்பட்டுள்ளது" என்ற வால், அடுத்து "காரணத்தால்". எஞ்சுவது: "பராமரிப்புக் குறைவால் நீர்மட்டம் எதிர்பார்த்த அளவு உயரவில்லை." இங்கே "எதிர்பார்த்த அளவு" என்பதையும் நீக்கினால் நீர்மட்டம் சற்றும் உயரவில்லை என்று பொருள் மாறிவிடும், ஆகவே அது இருக்கட்டும். மழைநீர் சேகரிப்பு என்பது ஸ்லைடின் தலைப்பிலேயே இருந்தால் போதும்.

எண்களை வாய்விட்டு முழுமையாகச் சொல்லுங்கள். திரையில் 2,47,386 சிறியது. வாயில் அது "இரண்டு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று எண்பத்தாறு". "ஏறத்தாழ 2.5 லட்சம்" என்று வரியில் எழுதி, துல்லிய எண்ணை அட்டவணைக்கு அனுப்பிவிடலாம். சொல் மாறாமல் தர வேண்டிய சட்டப்பிரிவு மேற்கோள்களுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.