11 மெயிலுக்குப் பிறகு ஒரு போன்

*"திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மனியில் இருக்கும் பையரோடு, டி-சர்ட்டின் முன்கழுத்து இறக்கம் 8 செ.மீ.யா 10 செ.மீ.யா என்று 11 மெயில் ஓடிவிட்டது. போனில் பேசலாமா என்று கேட்டால், அவர் எழுதுவது சரியில்லை என்று சொல்வதுபோல ஆகிவிடுமோ? வயதிலும் மூத்தவர். எப்படிக் கேட்பது?" – ஒரு வாசகி, திருப்பூர்*

நீங்கள் தாராளமாகக் கேட்கலாம் அம்மா. அநேகமாக உங்கள் இரண்டு பேர் கணக்கும் சரியாகத்தான் இருக்கும். கழுத்தைச் சுற்றித் தைக்கும் ரிப் பட்டி 2 செ.மீ. அகலம் என்றால், தோள் உச்சியிலிருந்து ரிப்பின் மேல் விளிம்பு வரை டேப் வைத்தால் 8, ரிப் சேரும் தையல் வரை வைத்தால் 10. டேப் எங்கே முடிகிறது என்பதை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதினால் இன்னும் 11 மெயில் போனாலும் தீராது. இரண்டு பேரும் சாம்பிளைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோவில் பேசினால் பத்து நிமிட வேலை.

புது மெயில் தொடங்காதீர்கள். அதே மெயிலுக்கு, சிசியில் இருப்பவர்களை எடுக்காமல் பதில் போடுங்கள். "ஏற்கெனவே சொன்னபடி" என்ற வார்த்தை வேண்டாம், அதுதான் சுருக்கென்று குத்தும். குழப்பத்தை உங்கள் பக்கம் வைத்து இப்படி எழுதுங்கள்:

"முன்கழுத்து இறக்கத்தை நாங்கள் தையல் வரை அளக்கிறோம். நீங்கள் அளக்கும் இடம் வேறாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. அதைக் கண்ணால் பார்த்தால் எனக்குத் தெளிவாகும். புதன் அல்லது வியாழன், உங்கள் நேரம் காலை 10 மணிக்கு, 10 நிமிடம் வீடியோவில் பேச வசதிப்படுமா? அப்ரூவ் ஆன சாம்பிளோடு இருப்பேன். பேசி முடித்த அளவை இதே மெயிலில் எழுதி அனுப்புகிறேன்."

என்ன பேசப்போகிறோம், எவ்வளவு நேரம், எப்போது என்று மூன்றும் இதில் இருக்கின்றன. "ஒரு கால் போடலாமா" என்று மொட்டையாகக் கேட்டால், ஏதோ பெரிய பிரச்சினை என்று அவர் பதறுவார். நேரத்தை அவர் ஊர்க் கணக்கில் சொல்வது மரியாதை. அங்கே காலை 10 என்றால் குளிர்காலத்தில் நமக்கு மதியம் 2.30, கோடைகாலத்தில் 1.30.

மெயிலின் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். பேசியது எழுத்தில் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தால் அவர் போனுக்குத் தயங்கலாம். உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. போனில் "ஓகே" சொன்னார் என்று கட்டிங் போட்டுவிடாதீர்கள். "ரிப் விளிம்பு வரை 8, தையல் வரை 10" என்று அன்றைக்கே எழுதி, அவர் மெயிலில் உறுதி செய்த பிறகு போடுங்கள்.

போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வற்புறுத்த வேண்டாம். சாம்பிளை மேஜையில் சமமாக விரித்து, டேப்பின் இரண்டு முனையும் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பி, "நீங்களும் இங்கேதான் அளக்கிறீர்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.