இறங்கிய கோட்டைப் பெற்றோருக்கு எப்படி விளக்குவது?

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. ஒரு மாணவனுக்குக் கணக்கில் மூன்று பருவங்களிலும் 78, 61, 66. எங்கள் மென்பொருள் இதைக் கோட்டுப் படமாக அச்சிட்டுத் தருகிறது. படத்தைப் பார்த்தால் பையன் தடாலென்று விழுந்து, பிறகு லேசாக எழுந்த மாதிரி இருக்கிறது. பெற்றோர் பயந்துவிடுவார்கள். படத்தோடு வைக்க ஒரு சின்னக் குறிப்பு எழுத வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது? வகுப்பின் மதிப்பெண் பட்டியலையும் அவனுடைய விடைத்தாள்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: கவனிக்க வேண்டிய இடம் இரண்டாம் பருவம் இல்லை, மூன்றாம் பருவம். கோடு ஏறுகிற இடத்தில்தான் இந்தப் பையன் பின்தங்கியிருக்கிறான். இது படத்தில் தெரியாது என்பதால்தான் குறிப்பு தேவைப்படுகிறது.

மூன்று புள்ளிகளை ஒரு கோட்டால் இணைத்ததும், ஒரே அளவுகோலால் மூன்று முறை அளந்ததுபோல் ஓர் எண்ணம் வந்துவிடுகிறது. பிள்ளையின் உயரத்தை அளந்தால் அப்படி இணைக்கலாம், செ.மீ. எப்போதும் செ.மீ.தான். வினாத்தாள் அப்படியில்லை. ஒரு பருவத்தில் தாள் எளிதாக அமையும், அடுத்ததில் கடினமாக அமையும், பாடமும் வேறாக இருக்கும். 78-க்கும் 61-க்கும் நடுவே உள்ள 17 மதிப்பெண்ணில் பையனால் வந்தது எவ்வளவு, தாளால் வந்தது எவ்வளவு என்பதை அந்தக் கோடு சொல்லாது.

அதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே தாளை எழுதிய மற்ற பிள்ளைகள் எங்கே நின்றார்கள் என்று பார்ப்பது. இதற்குச் சராசரியை எடுக்காதீர்கள். உங்கள் பட்டியலில் மொத்தம் 35 பேர். இரண்டாம் பருவத் தேர்வுக்கு மூன்று பேர் வரவேயில்லை, அவர்களுக்கு 0 போட்டிருக்கிறீர்கள். அந்த மூன்று பூஜ்யங்களும் சேர்ந்தால் சராசரி 52 ஆகிறது. அதை வைத்துப் பார்த்தால் உங்கள் மாணவன் வகுப்பைவிட 9 மதிப்பெண் மேலே நிற்பதுபோல் தோன்றும், அது உண்மையில்லை. தேர்வு எழுதிய 32 பேரை மட்டும் வரிசைப்படுத்தி, நடுவில் வருகிற இடைநிலை மதிப்பெண்ணை எடுத்தால் 57. (வராத பிள்ளைக்கு 0 போடுவதே தவறு. அந்த இடத்தைக் காலியாக விடுங்கள், கோட்டையும் இணைக்க வேண்டாம்.)

இப்படி மூன்று பருவங்களுக்கும் எடுத்தால் வகுப்பின் இடைநிலை 76, 57, 71. பையன் 78, 61, 66. அதாவது முதல் பருவத்தில் வகுப்பின் நடுவைவிட 2 கூடுதல், இரண்டாம் பருவத்தில் 4 கூடுதல், மூன்றாம் பருவத்தில் 5 குறைவு. இரண்டாம் பருவத்தில் விழுந்தது வகுப்பு முழுவதும்தான். மூன்றாம் பருவத்தில் மற்றவர்கள் 14 மதிப்பெண் மீண்டார்கள், இவன் 5 மட்டும் மீண்டான்.

இதிலும் அவசரப்பட வேண்டாம். இரண்டு, மூன்று, நான்கு மதிப்பெண் கூடுவதும் குறைவதும் எதையும் சொல்வதில்லை. அன்றைக்கு ஒரு ஐந்து மதிப்பெண் கணக்கில் கூட்டலைத் தவறவிட்டாலே போதும். முதல் இரண்டு பருவ வித்தியாசங்களைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுத மாட்டேன். மூன்றாம் பருவத்து 5 குறைவை மட்டும் தனியாகப் பார்த்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். விடைத்தாளைப் பார்த்த பிறகுதான் அது தற்செயல் இல்லை என்று தெரிந்தது.

இரண்டாம் பருவத்தில் வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவது புதிதாக வந்திருக்கிறது. பின்னம் வருகிற வினாக்கள் 40 மதிப்பெண்ணுக்கு. இவன் அதில் வாங்கியது 16. நீங்கள் வினாவாரியாக மதிப்பெண் குறித்து வைத்திருந்தது நல்லதாயிற்று. வகுப்பின் நடுவில் இருந்த பிள்ளையும் அந்த 40-க்கு 15 தான் வாங்கியிருக்கிறது. புதுப் பாடம், எல்லோரும் திணறினார்கள். மூன்றாம் பருவத்தில் பின்னத்துக்கு என்று தனி வினா இல்லை, நீளம், எடை போன்ற வாழ்க்கைக் கணக்குகளுக்குள் ஒளிந்து வருகிறது. அப்படி 30 மதிப்பெண். வகுப்பின் நடுப்பிள்ளை 19 வாங்க, இவன் 10 வாங்கியிருக்கிறான். மீதி 70 மதிப்பெண்ணில் இவனுக்கு 56. இரண்டாம் பருவத்தில் பின்னம் தவிர்த்த 60-க்கு 45. பின்னத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் பையன் நன்றாகவே இருக்கிறான்.

பின்னத்தில் என்ன தவறு? இரண்டாம் பருவத் தாளில் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதியிருக்கிறான். மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் கூட்டிவிட்டான். மூன்றாம் பருவத்தில் வேறு வேறு எண்களோடு இதையே நான்கு இடங்களில் செய்திருக்கிறான். இதைக் கவனக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள். கவனக்குறைவு என்றால் ஒரு இடத்தில் சரியாகவும் இன்னொரு இடத்தில் தவறாகவும் இருக்கும். இவன் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி தவறு செய்கிறான், அதாவது ஒரு தவறான விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறான். தொகுதியையும் பகுதியையும் இரண்டு தனி எண்களாகப் பார்க்கிற பிள்ளைகளிடம் இது அடிக்கடி வரும். இன்னும் நூறு கணக்கு போட வைத்தால் அதே விதி இன்னும் ஆழமாகப் பதியும், அவ்வளவுதான்.

குறிப்பில் எதை விட வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். ‘சரிவு’ என்ற சொல்லை விடுங்கள். பல வருடம் முன்பு நானே ஒரு அட்டையில் ‘இரண்டாம் பருவத்தில் சரிவு’ என்று மூன்றே சொல்லில் எழுதி அனுப்பினேன். அந்த வீட்டில் பிள்ளையின் மாலை விளையாட்டை ஒரு பருவம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அந்தத் தாள் எல்லோருக்குமே கடினமானது. ‘இன்னும் முயற்சி தேவை’ என்பதும் வேண்டாம், வீட்டில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? தர வரிசை, மற்ற பிள்ளைகளின் பெயர், இடைநிலை என்ற சொல், இவையும் வேண்டாம். ‘வகுப்பின் நடுவில் உள்ள மதிப்பெண்’ என்றாலே புரியும்.

படத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும். உங்கள் மென்பொருள் செங்குத்து அச்சை 50-இல் தொடங்கி 80-இல் முடித்திருக்கிறது. 30 மதிப்பெண் உயரமுள்ள படத்தில் 17 மதிப்பெண் என்பது பாதிக்கும் மேல், அதனால்தான் ‘தடாலென்று’ தெரிகிறது. அச்சை 0 முதல் 100 வரை மாற்ற முடிந்தால் அதே இறக்கம் படத்தில் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். மாற்ற முடியாவிட்டால் குறிப்பிலேயே சொல்லிவிடலாம்.

அப்புறம், வீட்டில் செய்ய ஒரே ஒரு வேலை. இரண்டு வேண்டாம். பெற்றோருக்குக் கணக்கு மறந்திருக்கலாம், அதனால் மீ.சி.ம. பற்றிப் பேசாமல் காகிதத்தில் செய்யக்கூடியதைக் கொடுங்கள். 12 செ.மீ. நீளப் பட்டை போதும். அதில் பாதி 6 செ.மீ., மூன்றில் ஒரு பங்கு 4 செ.மீ., சேர்த்தால் 10 செ.மீ. பையன் சொல்கிற 2/5 பங்கு 4.8 செ.மீ. அதாவது பாதியைவிடவும் சின்னது. பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தபின் அது பாதியைவிடக் குறையுமா என்று கேட்டால், விதி தவறு என்று அவனே பிடித்துவிடுவான். பத்து, ஆறு, நான்கு என்று எண்களை அவனே அளந்து சொல்ல வேண்டும், பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது.

நான் எழுதுவதாக இருந்தால் குறிப்பு இப்படி இருக்கும்:

“அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். உங்கள் மகனின் கணக்கு மதிப்பெண்கள் மூன்று பருவங்களில் 78, 61, 66. படம் 50-இல் தொடங்குவதால் இறக்கம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரிகிறது. இரண்டாம் பருவத் தாள் எல்லோருக்கும் கடினமாக இருந்தது. அதில் வகுப்பின் நடுவில் உள்ள மதிப்பெண்ணே 57 தான். மூன்றாம் பருவத்தில் நடு மதிப்பெண் 71, அவன் அதைவிடச் சற்றுக் குறைவு. காரணம் ஒன்றுதான்: பின்னங்களைக் கூட்டும்போது 1/2 + 1/3 = 2/5 என்பதுபோல் செய்கிறான். மற்ற கணக்குகளை நன்றாகப் போடுகிறான். விடுமுறையில் 12 செ.மீ. காகிதப் பட்டை ஒன்றில் பாதியையும் மூன்றில் ஒரு பங்கையும் அவனையே குறிக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு, 2/5 பங்கு எவ்வளவு என்று அளந்து பார்க்கட்டும். பிறகு 1/4 + 1/3, 1/2 + 1/6 என்று மாற்றிக் கேளுங்கள். நாளுக்கு பத்து நிமிடம் போதும். விடைத்தாளை நேரில் காட்டவும் விரும்புகிறேன், வசதியான நாளைச் சொல்லுங்கள்.”

இதற்கு மேல் நீட்ட வேண்டாம், ஒரு பக்கத்தைத் தாண்டினால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள்.

இன்னொன்று. மூன்றாம் பருவ அட்டை வீட்டுக்குப் போகும்போது ஆண்டே முடிந்திருக்கும், பையன் உங்கள் வகுப்பில் இருக்கப் போவதில்லை. அதனால் குறிப்பின் நகல் ஒன்றை அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். முதல் வாரத்திலேயே 1/4 + 1/2, 1/3 + 1/6 போன்ற ஐந்து கணக்குகளைக் கொடுக்கச் சொல்லுங்கள். நான்கு சரியாக வந்தால் விஷயம் தீர்ந்தது. இரண்டாவதற்கு 2/9 என்று எழுதினால் அந்த விதி இன்னும் போகவில்லை. அப்போது கூட்டலை நிறுத்திவிட்டு, 1/2-உம் 3/6-உம் ஒரே அளவுதான் என்பது அவனுக்குத் தெரிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.