சர்வரைக் கூட்டினோம், நிலைமை மோசமாச்சு

"அண்ணா, டொராண்டோ வந்து 8 மாசம் ஆச்சு. ஊர்ல 9 வருஷம் பேக்எண்ட் வேலை. சீனியர் வேலைக்கு லிங்க்ட்இன்ல சொந்தக் கதையா எழுதச் சொல்றாங்க. எப்படி ஆரம்பிச்சு எப்படிக் கொண்டுபோறது?"

தம்பி, வந்த புதுசுல நான் போட்ட முதல் போஸ்ட் "இத்தனை வருட அனுபவம், இன்னின்ன தொழில்நுட்பம்"னு ஆரம்பிச்சுது. பழைய ஆபீஸ் நண்பர்கள் லைக் போட்டாங்க, அவ்வளவுதான்.

ஒரு வருஷம் கழிச்சு ஒரே ஒரு ராத்திரியைப் பத்தி எழுதினேன். முதல் வரி: "சனிக்கிழமை ராத்திரி 4 சர்வர் கூட்டினோம். நிலைமை இன்னும் மோசமாச்சு." மொபைல்ல முதல் சில வரிதான் கண்ணுல படும், மிச்சம் மடிஞ்சிடும். அதனால முரணை மேலேயே வச்சேன்.

அடுத்தது காரணம். 12 சர்வர், ஒவ்வொண்ணும் டேட்டாபேஸ்கிட்ட 20 கனெக்‌ஷன் வரைக்கும் கேக்கும். மொத்தம் 240. போஸ்ட்கிரெஸ்ல நாங்க வச்ச வரம்பு 200. சர்வர் 16 ஆனதும் கேட்டது 320. கணக்கு இவ்வளவுதான், ஆனா பதற்றத்துல யாரும் போடலை.

எழுதும்போது அதிக நேரம் எடுத்தது இதுக்கடுத்த பத்திதான். நான் எதையெல்லாம் வேண்டாம்னேன், ஏன்னு சொன்ன இடம். `max_connections` ஏத்தலாம்னு ஒருத்தர் சொன்னார். போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு கனெக்‌ஷனும் தனி ப்ராசஸ். மெமரி ஏற்கெனவே விளிம்புல இருந்தது. கனெக்‌ஷனைப் பகிர்ந்து தர்ற பிஜிபவுன்சர் போடலாம்னார் இன்னொருத்தர். நல்ல வழிதான், ஆனா சோதிக்காத ஒண்ணை நடுராத்திரியில உள்ளே விட எனக்குத் தைரியமில்லை. சர்வருக்கு 10னு குறைச்சேன், 160ல நின்னுது. அதுக்குக் கொடுத்த விலையையும் எழுதினேன்: உச்ச நேரத்துல சில கோரிக்கைகள் வரிசையில காத்திருந்தது. சீனியர் ஆளைத் தேடுறவங்க இந்தப் பத்தியைத்தான் படிக்கிறாங்க. அப்புறம் ஒரு நேர்காணல்ல, "பிஜிபவுன்சரை எப்போ போட்டீங்க?"ன்னுதான் முதல் கேள்வியே வந்துது.

நம்மாளுங்களுக்கு "நாங்க செஞ்சோம்"னு எழுதித்தான் பழக்கம். பணிவுதான், ஆனா படிக்கிறவருக்கு உன் பங்கு எதுன்னு தெரியாது. சர்வரைக் கூட்டினது 'நாங்க', கனெக்‌ஷனைக் குறைச்சது 'நான்'. ரெண்டையும் பிரிச்சு எழுது. அதுக்காக அடுத்தவர் தப்பைப் பெயரோட எழுதிடாதே. சர்வரைக் கூட்டச் சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன்னு எழுதினேன், உண்மையும் அதுதான்.

வாடிக்கையாளர் பெயர், பண இழப்பு, வெளியே தெரியக்கூடாத உள் அமைப்பு விவரம் எதுவும் வேண்டாம். எழுதினதை முதல்ல மேனேஜர்கிட்ட காட்டு. என் வரைவுல அவர் ரெண்டு எண்ணை அடிச்சார்; கதைக்கு ஒண்ணும் ஆகலை.

கடைசியில "உங்கள் கருத்து என்ன?"ன்னு கேக்காதே. நான் "இதே நிலைமையில நீங்க வரம்பை ஏத்தியிருப்பீங்களா?"ன்னு கேட்டேன். அதுக்கு முன்பின் தெரியாத டேட்டாபேஸ் ஆட்கள் வந்து சண்டை போட்டாங்க. அதுல ஒருத்தர்தான் பிறகு என்னை வேலைக்குப் பரிந்துரைச்சார்.