மருந்து உறையைப் படிப்பது யார் வேலை?

கேள்வி: என் மகனுக்கு ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. போன சனிக்கிழமை அப்பாவோடு மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அடிக்க டவுனுக்குப் போனான். பெட்ரோல் ஸ்டேஷனில் காற்று அடிக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘நோ ஏர்’ என்று அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்களாம். இவன் வீட்டுக்கு வந்து, “பாட்டி, டவுன்ல தண்ணி இல்லையாம், போர்டு போட்டிருக்காங்க” என்று சொல்லிவிட்டான். மாமியார் இருக்கிற வாளி, பானை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தார். பக்கத்து வீடுகளுக்கும் சொன்னார். வரிசை முழுக்கக் குழாயைத் திறந்ததில் தண்ணீர் நூலாக வர, எல்லாரும் நம்பிவிட்டார்கள். மறுநாள் நாத்தனாரைப் பெண் பார்க்க வரவிருந்தவர்களுக்கும் போன் போட்டு, “தண்ணி இல்லீங்க, இன்னொரு நாள் வாங்க” என்று சொல்லிவிட்டார். அவர்களும் இதே டவுன்தான். அவர்கள் வீட்டில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நாங்கள் சாக்குச் சொல்கிறோம் என்று நினைத்துப் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். என் கணவர் பையனை அடித்துவிட்டார். கொழுந்தனார் அவனைத் ‘தண்ணி’ என்றே கூப்பிடுகிறார். நன்றாகப் படிக்கிற பையன். மாமியாருக்கு எழுத்துத் தெரியாது, பில், இனிப்பு நீர் மருந்து உறை எல்லாம் அவன்தான் படித்துச் சொல்வான். இப்போது எதையும் வாய்விட்டுப் படிக்க மாட்டேன் என்கிறான். ஆங்கில டியூஷனுக்கு அனுப்பலாமா, இல்லை அடுத்த ஆண்டு மலாய்ப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா?
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: பள்ளிக்கூடத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் மருந்து உறை.

அதை ஒரே வரியில், பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டி வர முடியவில்லை. இனிப்பு நீருக்கு மருந்து எடுக்கும் ஒரு வயதான அம்மா, ஏழு வயதுப் பேரன் சொல்வதைக் கேட்டு மாத்திரை விழுங்குகிறார். வீட்டில் நீங்கள் இருக்கிறீர்கள், உங்கள் கணவர் இருக்கிறார், கொழுந்தனார் இருக்கிறார், கல்யாண வயதில் நாத்தனார் இருக்கிறார். இத்தனை பேரில் ஒருவருக்குமா அந்த உறையை எடுத்துப் பார்க்க நேரமில்லை?

கிளினிக்கில் கொடுக்கும் உறையில் என்ன எழுதியிருக்கும் என்று இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள். எத்தனை மாத்திரை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, அதன் கீழே ‘செபெலும் மாக்கான்’ அல்லது ‘செலெபாஸ் மாக்கான்’. முதலாவது சாப்பிடுவதற்கு முன், இரண்டாவது சாப்பிட்ட பின். இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன, ஒரே மாதிரி முடிகின்றன. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒரு நீளமான சொல்லின் தலையைப் பார்ப்பான், வாலைப் பார்ப்பான், நடுவில் இருப்பதை நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வான். எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதில் எல்லாப் பிள்ளைகளும் இப்படித்தான். கதைப் புத்தகத்தில் இதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. இனிப்பு நீர் மாத்திரையில் கெடும். சில மாத்திரைகளைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட பின் எடுக்காவிட்டால் வயிற்றைப் புரட்டும். வேறு சில சர்க்கரையை வேகமாக இறக்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், தலை சுற்றி விழவும் கூடும். உங்கள் மாமியாருக்கு அப்படி வந்திருக்கிறதா என்று அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். வயசானால் அப்படித்தான் என்று அவரே அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

மாத்திரைகளை எண்ணியும் பார்க்கலாம். உறையில் மருந்து வாங்கிய தேதி இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு வீதம் அறுபது மாத்திரை கொடுத்து, பத்து நாள் ஆகியிருந்தால் நாற்பது மீதி இருக்க வேண்டும். ஐம்பது இருந்தால் அவர் ஒரு வேளைதான் போட்டிருக்கிறார். முப்பது இருந்தால் கூடுதலாகப் போட்டிருக்கிறார். கணக்கு இடித்தால் நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். உறைகளை அப்படியே எடுத்துக்கொண்டு மாமியாரோடு கிளினிக்குக்குப் போங்கள்.

இப்போது பையன் என்ன தப்புச் செய்தான் என்று பார்ப்போம்.

ஏ, ஐ, ஆர் என்ற மூன்று எழுத்துகளை அவன் அந்த அட்டையில் முதல் தடவையாகப் பார்க்கவில்லை. தண்ணீர் பில்லின் தலையில் அந்த மூன்று எழுத்துதான் இருக்கிறது. மலாயில் அதை ‘ஆயர்’ என்று படிப்பார்கள், அர்த்தம் தண்ணீர். மாதா மாதம் பில்லைக் கையில் கொடுத்து, “இது தண்ணி பில்லா, கரண்டு பில்லா?” என்று கேட்டு அவனைப் படிக்க வைத்தது நீங்கள்தானே? அவன் வயதில் மற்றப் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பாடப் புத்தகத்தில் பார்க்கிறார்கள். இவன் வீட்டுப் பொறுப்பாகவே பார்த்திருக்கிறான். அந்தச் சொல்லைச் சரியாகப் படித்ததற்காகப் பாட்டியிடம் எத்தனை தடவை “என் ராசா” என்று பேர் வாங்கியிருப்பான்! அதே மூன்று எழுத்து பெட்ரோல் ஸ்டேஷனில், அதுவும் பக்கத்தில் ‘இல்லை’ என்ற சொல்லோடு தொங்கினால் அவன் வேறு என்னவென்று படிப்பான்? நம் ஊர்ப் பக்கம் தண்ணீர் நிற்பதும், வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டுப் பிடித்து வைப்பதும் அவன் பார்த்து வளர்ந்தவைதானே.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளை முதலாம் ஆண்டிலேயே மூன்று மொழி படிக்கிறான். தமிழுக்குத் தனி எழுத்து இருப்பதால் அதில் குழப்பம் வராது. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே எழுத்து. மலாயில் எழுதியபடியே படிக்கலாம், அதனால் பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் கைவருகிறது. ஆங்கிலச் சொல்லையும் அதே ஓசையில் படித்துவிடுகிறார்கள். ஹார்ட்வேர் கடைப் பலகையில் சி, ஏ, டி என்று இருந்தால் மலாயில் ‘சாட்’, அதாவது பெயிண்ட். ஆங்கிலப் புத்தகத்தில் அதுவே பூனை. தண்ணீருக்கான சொல்லைப் பழைய மலாயில் ஏ, ஒய், இ, ஆர் என்று நான்கு எழுத்தில் எழுதினார்கள். ஆயர் தாவார், ஆயர் ஹீத்தாம் போகிற வழியில் ஊர்ப் பெயர்ப் பலகையில் இன்னும் அப்படித்தான் இருக்கும். 1972இல் வந்த புதிய எழுத்துமுறையில் அது மூன்று எழுத்தாகி, ஆங்கிலச் சொல்லோடு அச்சு அசலாக ஒன்றாகிவிட்டது. எழுத்துக்கூட்டுவதில் உங்கள் மகன் ஒரு பிழையும் செய்யவில்லை. அது எந்த மொழி என்பதில்தான் தடுமாறினான். அதைச் சொல்லித்தர ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அந்தப் பெரியவர் பக்கத்தில்தான் இருந்தார். உங்கள் கணவர் அந்த அட்டையைப் பார்த்தார், காற்று இல்லை என்று புரிந்துகொண்டார், வண்டியைத் திருப்பினார். “இது ஆங்கிலம்டா, காற்று இல்லைன்னு போட்டிருக்கான்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லாமல் வந்தவர் வீட்டில் பையன் மேல் கை வைத்திருக்கிறார். அவரும் அப்போது வீட்டில் இருந்திருப்பார். அம்மா ஒவ்வொரு வாளியாகத் தண்ணீர் பிடிக்கும்போது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. சம்பந்தி ஆகப்போகிறவர்களுக்குப் போன் போடுமுன் எதிர் வரிசையில் விசாரிக்கவும் யாரும் இல்லை. பெரியவர்கள் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதற்கு ஒரு குழந்தை அடி வாங்கியிருக்கிறான். கொழுந்தனார் வைத்த பட்டப்பெயர் இன்றோடு நிற்க வேண்டும். நிறுத்தச் சொல்ல வேண்டியது உங்கள் கணவர். நீங்கள் அவரிடம் சொல்லுங்கள்.

அந்தக் காலத்தில் லயத்தில் ஊர்க் கடிதம் வந்தால் கிராணியிடமோ வாத்தியாரிடமோ கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வார்கள். நல்ல செய்தியோ சாவுச் செய்தியோ, அதைத் தாங்கிச் சொல்ல ஒரு பெரிய மனிதர் வேண்டும் என்று நம் பாட்டன் பூட்டனுக்குத் தெரிந்திருந்தது. எழுத்துத் தெரியாதவர்களே அவ்வளவு யோசித்தார்கள். உங்கள் மாமியாருக்குப் படித்துச் சொல்வது அவருடைய பிள்ளைகளின் கடமை, மருமகளாக உங்களுடைய கடமையும்கூட. பேரன் பாட்டிக்குக் கதை படித்துக் காட்டட்டும். பில்லும் மருந்தும் அவன் கைக்கு வரக் கூடாது.

மலாய்ப் பள்ளிக்கு மாற்றினால் என்ன ஆகும்? அங்கே நாள் முழுக்க மலாய் ஓசையில் படிப்பான், அந்த மூன்று எழுத்து தண்ணீர் என்பது இன்னும் ஆழமாகப் பதியும். நீங்கள் பயப்படுகிற தடுமாற்றம் கூடத்தான் செய்யும். தமிழும் போய்விடும். வேண்டாம். டியூஷனும் இப்போது தேவையில்லை. அவனை மறுபடி அந்த பெட்ரோல் ஸ்டேஷனுக்கே அப்பா கூட்டிப்போகட்டும். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி, அங்கே நின்று சொல்லித்தரட்டும்: பக்கத்துச் சொல்லைப் பார். ‘நோ’ என்று இருந்தால் ஆங்கிலம், அதற்கு அடுத்ததையும் ஆங்கிலமாகப் படி. மலாயாக இருந்தால் ‘தியாடா’ என்று போட்டிருப்பார்கள். இதே மாதிரி கடைத்தெருவில் நான்கு பலகைகளைக் காட்டி, இது எந்த மொழி என்று மட்டும் கேட்கட்டும், அர்த்தம் கேட்க வேண்டாம். வாய் திறக்க மறுக்கிற பிள்ளைக்கு அது போதும். அடித்த கையோடு பக்கத்தில் நிற்பவர் முதலில், “அன்னிக்கு நான் சொல்லித் தந்திருக்கணும்” என்று மகனிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் பலகையைக் காட்டினால் பையன் பரீட்சை என்றுதான் நினைப்பான்.

சம்பந்த விஷயத்தைப் போனில் பேசாதீர்கள். மாமியாரும் உங்கள் கணவரும் நேரில் போக வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம் எடுத்துக்கொண்டு போகலாம். போய், நடந்ததை நடந்தபடி சொல்லட்டும், வரிசையே தண்ணீர் பிடித்ததையும் சேர்த்து. அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்டாலும் உண்மை தெரிந்துவிடும், அதனால் அவர்கள் நம்புவார்கள். பையனைக் கூட்டிப்போய் நிறுத்தி, “இவனால்தான்” என்று காட்டும் எண்ணம் யாருக்காவது இருந்தால் அதை நீங்கள் தடுங்கள், தங்கச்சி. “குழந்தை சொன்னதை விசாரிக்காம நாங்க போன் போட்டுட்டோம், எங்க தப்பு” என்று உங்கள் கணவர் தன் வாயால் சொல்லட்டும். அதைக் கேட்ட பிறகும் முகம் கொடுக்காத வீடாக இருந்தால், நாத்தனாருக்கு வேறு இடம் பாருங்கள்.