பழைய லாரியின் ஆயில் புது லாரியில்: வாரண்டி போய்விடுமா?

கேள்வி: என்னிடம் இரண்டு லாரிகள். ஒன்று ரொம்பப் பழசு. இன்னொன்று, புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் வைத்த புது வண்டி, வாரண்டி இன்னும் இருக்கிறது. 40,000 கிலோமீட்டர் வரை டீலர் ஒர்க்‌ஷாப்பில்தான் சர்வீஸ். அதன்பின் எங்கள் மெக்கானிக், பழைய லாரிக்கு வாங்கி வைத்த டிரம்மிலிருந்தே புது வண்டிக்கும் ஆயில் மாற்றிவிட்டார். இரண்டும் 15டபிள்யூ-40தானே! நடுவில் நாலு லிட்டர் டாப்-அப் செய்தோம். 52,000-ல் டிபிஎஃப் அடைத்துக்கொண்டு வண்டி இழுக்கவில்லை. ‘தப்பான ஆயில், வாரண்டி கிடையாது’ என்று டீலர் கைவிரிக்கிறார். இன்ஜெக்டர் ஒன்றும் ஒழுகுகிறதாம், அதற்கும் அதே பதில். சரியான ஆயிலுக்கு ஒரு பில் வாங்கி வைத்துக்கொண்டால் வழக்கு நிற்குமா?

பதில்: பில் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம். இன்ஜினிலிருந்து வடிக்கும் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதிலுள்ள கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ் அளவுகள் வந்துவிடும். எந்த வகை ஆயில் என்பதை அவை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். பில் பொய் என்று தெரிந்த பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். பொய் ஆவணம் தாக்கல் செய்ததற்குத் தனி வழக்கையும் சந்திக்க வேண்டி வரும். உண்மையைச் சொல்லியே ஜெயிக்க வாய்ப்புள்ள ஒரு விவகாரத்தை இப்படிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆயில் விஷயத்தில் டீலர் சொல்வது சரிதான். 15டபிள்யூ-40 என்பது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்கிறது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்பதை டப்பாவில் வட்ட முத்திரைக்குள் இருக்கும் ஏபிஐ வகை எழுத்துதான் சொல்லும். பழைய லாரிக்கு வாங்கிய டிரம்மில் பெரும்பாலும் சிஐ-4 அல்லது அதற்கும் முந்தைய வகை இருக்கும். டிபிஎஃப் உள்ள கனரக இன்ஜின்களுக்காக 2006-ல் சிஜே-4 வந்தது. அதன் இடத்துக்கு 2016 இறுதியில் சிகே-4 வந்தது. இந்த இரண்டிலும் சல்பேட் சாம்பல் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, பாஸ்பரஸ் 0.12 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. சிஐ-4 வகைக்கு இந்தச் சாம்பல் வரம்பே கிடையாது, 1.4 சதவீதம் எல்லாம் சாதாரணமாக இருக்கும்.

சாம்பலுக்கு ஏன் இத்தனை கெடுபிடி? டிபிஎஃப்பில் இரண்டு பொருள்கள் சேர்கின்றன. ஒன்று, டீசல் சரியாக எரியாமல் வரும் கரி. ரீஜெனரேஷன் நடக்கும்போது சுமார் 600 டிகிரி சூட்டில் அது எரிந்து போய்விடும். இன்னொன்று, இன்ஜின் தின்னும் ஆயிலிலுள்ள உலோக உப்புகள் விட்டுச்செல்லும் சாம்பல். அது எந்தச் சூட்டிலும் எரியாது. ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும்வரை உள்ளேயே கிடக்கும். உங்கள் வழக்கின் உயிர்நாடி இந்த வித்தியாசம்தான். தப்பான ஆயிலால் கூடுவது சாம்பல். ஒழுகும் இன்ஜெக்டரால் கூடுவது கரி. அடைத்திருப்பது எது?

ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஆயில் பேனில் முப்பத்தைந்து லிட்டர் இருந்தாலும் அதில் எரிந்துபோன பகுதிதான் டிபிஎஃப்புக்கு வரும். உங்கள் வண்டியில் 12,000 கிலோமீட்டரில் எரிந்தது நாலு லிட்டர், அதாவது சுமார் மூன்றரை கிலோ. 1.4 சதவீதச் சாம்பல் என்றால் 49 கிராம். சரியான ஆயிலை ஊற்றியிருந்தாலே 35 கிராம் வந்திருக்கும். ஆக, உங்கள் தவறால் கூடியது அதிகபட்சம் 14 கிராம். முழுவதும் ஃபில்டரில் தங்குவதில்லை என்பதால் உண்மையில் இன்னும் குறைவுதான். கனரக லாரியின் ஃபில்டர் சில நூறு கிராம் சாம்பலையாவது தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. 14 கிராம் அதை அடைத்துவிட்டது என்று எந்த நிபுணரும் சத்தியம் செய்து சொல்வது கஷ்டம்.

இனி சட்டத்துக்கு வருவோம். வாரண்டி என்பது ஓர் ஒப்பந்தம். டீலர் வாயால் சொல்வதை விட்டுவிட்டு, வாரண்டிப் புத்தகத்தில் எழுதியிருப்பதை எடுத்துப் பாருங்கள். பொதுவாக மூன்று விதமான வாசகங்களில் ஒன்று இருக்கும். ‘இந்த ஆயிலைப் பரிந்துரைக்கிறோம்’ என்று மட்டும் இருந்தால் அது வெறும் ஆலோசனை, அதை மீறியதால் வாரண்டி போகாது. ‘அங்கீகரிக்கப்படாத ஆயிலால் ஏற்படும் சேதத்துக்கு வாரண்டி பொருந்தாது’ என்று இருந்தால் ‘ஏற்படும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆயிலால்தான் சேதம் வந்தது என்று காட்ட வேண்டியது, விலக்கைக் காட்டித் தப்பிக்க நினைக்கும் கம்பெனிதான். ‘வேறு ஆயில் ஊற்றினால் வாரண்டி முழுவதும் ரத்து’ என்பது மூன்றாவது. அதுதான் உங்களுக்குக் கடினம். அப்போதும் வாசகம் தெளிவாக இல்லையென்றால் எழுதியவருக்கு எதிராகத்தான் நீதிமன்றம் அர்த்தம் கொள்ளும். சம்பந்தமே இல்லாத பழுதுக்கும் அதைக் காட்டுவது நியாயமற்ற நிபந்தனை என்றும் வாதாடலாம். அந்த வாதம் எவ்வளவு எடுபடும் என்பது உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது. நான் அனேகமாகப் பார்ப்பது இரண்டாவது வகை வாசகம்தான்.

இன்ஜெக்டரைத் தனிக் கோரிக்கையாகப் பிரித்துவிடுங்கள். அது டீசல் பாதையில் உள்ள பாகம். ஆயில் எந்த வகை என்பதற்கும் அதன் முனை ஒழுகுவதற்கும் நேரடித் தொடர்பைக் காட்டுவது எளிதல்ல. இன்ஜெக்டருக்கு வாரண்டி உண்டு என்று ஆகிவிட்டால், ஒழுகிய டீசலால் கரி கூடி டிபிஎஃப் அடைத்தது என்ற அடுத்த படி தானாக வந்து நிற்கும். எனக்கென்னவோ, இரண்டுக்கும் ஒரே பதிலை டீலர் சொல்வதற்கு இதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

ஆனால் இவை எல்லாமே ஃபில்டர் அப்படியே கையில் இருந்தால்தான். பெரும்பாலான கட்சிக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ‘ஒரு தடவை ஃபோர்ஸ்டு ரீஜென் போட்டுப் பார்க்கிறோம்’ என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். போட்டால் கரி எரிந்து, உங்கள் சாட்சியமும் கூடவே எரிந்துவிடும். இன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள்: ஃபில்டரைச் சூடாக்கவோ, சுத்தம் செய்யவோ, தூக்கி எறியவோ கூடாது, கண்ட்ரோல் யூனிட்டிலுள்ள பிழைக் குறியீடுகளை அழிக்கக்கூடாது, வாரண்டி மறுப்பை எந்தப் பிரிவின்படி என்று குறிப்பிட்டு எழுத்தில் தர வேண்டும். வாட்ஸ்அப் மட்டும் போதாது, மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் போகட்டும்.

பிறகு இரு தரப்பும் முன்னால் இருக்க ஒரு கூட்டு ஆய்வு கேளுங்கள். முதலில் ஸ்கேனரில் வரும் பதிவுகளை முழுசாக டவுன்லோட் செய்து பிரதி வாங்குங்கள். கனரக வண்டிகளில் SPN 3719 என்பது கரி அளவு, SPN 3720 என்பது சாம்பல் அளவு, SPN 3251 என்பது ஃபில்டருக்கு முன்னும் பின்னுமான அழுத்த வித்தியாசம். கரி உச்சத்திலும் சாம்பல் அடிமட்டத்திலும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் சாம்பல் எண் என்பது கண்ட்ரோல் யூனிட் போட்ட கணக்குதான், அளந்து பார்த்தது இல்லை. அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

எதிர்தரப்பால் அசைக்க முடியாதது எடை. கழற்றிய ஃபில்டரை எடை போட்டு, சூளையில் வைத்துக் கரி முழுவதையும் எரித்து, மறுபடி எடை போட வேண்டும். குறைந்தது கரி. அதற்குப் பிறகும் புது ஃபில்டரின் எடையைவிட அதிகமாக இருப்பது சாம்பல். காற்றின் ஈரத்தை ஃபில்டர் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு முறையும் சூடாக இருக்கும்போதே எடை போடச் சொல்லுங்கள். சில கிராமுக்கு வழக்காடும்போது ஈரத்தின் எடையே கணக்கைக் குழப்பிவிடும். புது ஃபில்டரின் எடை வண்டிக்குவண்டி மாறும், கம்பெனியிடம் எழுதிக் கேளுங்கள்.

ஆயிலையும் மூன்று சுத்தமான பாட்டில்களில் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு சீல் வைக்க வேண்டும். ஒன்று உங்களுக்கு, ஒன்று அவர்களுக்கு, மூன்றாவது தகராறு வந்தால் பார்த்துக்கொள்ள. டிரம்மிலிருந்தும் ஒரு மாதிரி எடுங்கள். வடித்த ஆயிலில் டீசல் கலந்திருந்தால் இன்ஜெக்டர் கதைக்கு அது நல்ல துணை.

எதிர்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது, அதையும் தெரிந்து வையுங்கள். ‘அதிகப் பாஸ்பரஸ், ஃபில்டருக்கு முன்னால் இருந்து புகையைச் சூடேற்றும் ஆக்ஸிடேஷன் கேட்டலிஸ்ட்டைக் கெடுத்துவிட்டது, அதனால்தான் ரீஜெனரேஷன் நடக்கவில்லை’ என்பார்கள். கொள்கையளவில் இது சரி. பதில் வெப்பப் பதிவில் இருக்கும். ரீஜெனரேஷன் சமயத்தில் கேட்டலிஸ்ட்டைத் தாண்டிய வெப்பம் 600 டிகிரி பக்கம் ஏறியிருந்தால் அது வேலை செய்திருக்கிறது, வாதம் அதோடு முடிந்தது. ஏறவில்லை என்றால் கேட்டலிஸ்ட்டையும் சோதிக்க வேண்டும். முடிவு உங்களுக்கு எதிராகவும் வரலாம்.

எடைச் சோதனையில் சாம்பல் எக்கச்சக்கமாக வந்தாலும் உடனே தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். நாலு லிட்டரில் அவ்வளவு வராது. முந்தைய 40,000 கிலோமீட்டரிலேயே, டீலர் ஊற்றிய ஆயிலை இன்ஜின் அளவுக்கு மீறித் தின்றிருக்கிறது என்று அர்த்தம். அப்போது டர்போ சீல், பிஸ்டன் ரிங் பக்கம் விசாரணை போகும், அதுவும் வாரண்டிக்குள்தான். ஆனால் இதே டிரம்மில் லட்சம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்திருந்தால் வழக்கே போடாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கூட்டு ஆய்வுக்கு வராமல் இழுத்தடித்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, நீதிமன்றம் மூலம் ஆணையர் ஒருவரை நியமித்து ஆய்வு செய்யக் கேட்கலாம். லாரி தொழிலுக்கு வாங்கியது என்பதால் நுகர்வோர் மன்றத்துக்குப் போக முடியுமா, சிவில் வழக்குதானா என்பதை நோட்டீஸுக்கு முன்பே உள்ளூர் வக்கீலிடம் உறுதி செய்யுங்கள். தப்பான இடத்தில் தாக்கல் செய்து வருஷத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

மாதிரி எடுத்ததும் புது வண்டியில் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். தெரிந்த பிறகும் அதே ஆயிலில் ஓட்டினால் அதன்பின் வரும் சேதம் உங்கள் தலையில்தான் விழும். ஒரே டிரம் போதும் என்றால் 15டபிள்யூ-40 சிகே-4 வாங்குங்கள். சிஐ-4 கேட்கும் பழைய இன்ஜினுக்கும் அது பொருந்தும். பழைய லாரிக்குக் கந்தகம் அதிகமுள்ள டீசல் போடுகிறீர்கள் என்றால் ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைக்க வேண்டும், ஏனென்றால் அமிலத்தை முறிக்கும் சக்தி இதில் கொஞ்சம் குறைவு. எஃப்ஏ-4 என்று போட்ட ஆயிலைப் பழைய லாரியில் ஊற்றவே கூடாது, அது சில புது இன்ஜின்களுக்காகவே மெலிதாகச் செய்தது. புது வண்டிக்கும் கையேட்டில் அந்தப் பெயர் இருந்தால் மட்டும். இனி வாங்கும் ஒவ்வொரு பில்லிலும் ‘டீசல் ஆயில்’ என்று மொட்டையாகப் போடாமல் வகையும் பேட்ச் எண்ணும் எழுதித் தரச் சொல்லுங்கள்.