கேட்டுக்கு வெளியே நிற்கிற நேரத்துக்கு யார் சம்பளம் கொடுப்பது?

கேள்வி: லாரிக்கு டிரைவர் கிடைக்கவில்லை என்று எல்லா முதலாளிகளும் புலம்புகிறார்களே, சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்தால் வரமாட்டார்களா?

நாங்கள் கூட்டிக் கொடுத்துப் பார்த்தோம். அதற்குப் பிறகும் இரண்டு பேர் போனார்கள்.

கடலூர் சிப்காட் பக்கம் நானும் மச்சானும் சேர்ந்து ஏழு லாரி வைத்திருக்கிறோம். பெரும்பாலும் பெங்களூரு லோடுதான். போக வர 640 கிலோமீட்டர். முன்பு மாதச் சம்பளம் 9,000 ரூபாய், டிரிப்புக்கு பேட்டா 2,200. ஒரே வருஷத்தில் ஏழு பேரில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். சரி, காசுதான் போல என்று மாதச் சம்பளத்தை 12,000 ஆக்கினோம். அப்படியும் ஆள் நிற்கவில்லை.

எங்களிடம் அதிக காலம் இருந்தவர் ஒரு பெரியவர். அவர் கணக்கு முடித்துக்கொண்டு போக வந்த அன்று, "இப்பதான கூட்டிக் குடுத்தோம், இன்னும் என்னண்ணே குறை?" என்று கேட்டேன். "தம்பி, போன மாசம் மட்டும் ஒன்பது நாள் கேட்டு வாசல்ல கெடந்திருக்கேன். பேட்டா பூரா சோத்துக்கும் டீக்கும் போச்சு. எட்டு டிரிப் அடிச்சாத்தான் நீங்க சொல்ற காசு. ஆறுதான் அடிக்க முடிஞ்சுது, நான் என்ன செய்ய?" என்றார்.

அதற்குப் பிறகுதான் டிரிப் ஷீட்டில் நேரம் எழுதச் சொன்னோம். ஏற்றும் இடத்துக்கு எப்போது போய்ச் சேர்ந்தது, எப்போது வெளியே வந்தது, இறக்கும் இடத்தில் அதேபோல இரண்டு. மொத்தம் நான்கு நேரம், அவ்வளவுதான். இரண்டு மாதத்து ஷீட்டை எடுத்து வைத்துக் கூட்டினால், டிரிப்புக்குச் சராசரியாக 60 மணி நேரம் ஆகியிருந்தது. அதில் வண்டி ஓடியது 18 மணி நேரம். டோக்கன் போட்டுவிட்டு வரிசையில் நிற்பது, எடைமேடை, பில் போட ஆள் வரவில்லை, பெங்களூருக்குள் பகலில் கனரக வண்டிக்குக் கட்டுப்பாடு என்பதால் இருட்டும் வரை ஊருக்கு வெளியே கிடப்பது, இதெல்லாம்தான் மீதி. தூக்கம்கூட அதற்குள்தான். இந்த நேரத்துக்கு நாங்கள் ஒரு பைசா கொடுத்ததில்லை. டிரைவர் கையில் இல்லாத ஒரு விஷயத்துக்கு அவர் வருமானத்தில் பிடித்திருக்கிறோம்.

அதனால் கணக்கை மாற்றினோம். மாதம் 14,000, டிரிப்புக்கு 1,800. ஏற்றும் இடம், இறக்கும் இடம் எதுவானாலும் முதல் ஆறு மணி நேரம் போக, அதற்குமேல் நிற்கிற ஒவ்வொரு 12 மணி நேரத்துக்கும் ஹால்ட்டிங் 400. எட்டு டிரிப் ஓடிய மாதம் கைக்கு வருவது 28,400. ஆறு டிரிப்தான் ஓடியது, எட்டு ஹால்ட்டிங் விழுந்தது என்றால் 28,000. 12,000 சம்பளம், 2,200 பேட்டா என்ற பழைய கணக்கில் இதே இரண்டு மாதமும் 29,600, 25,200 என்று வந்திருக்கும். நல்ல மாதத்தில் 1,200 குறைகிறது, மோசமான மாதத்தில் 2,800 கூடுகிறது. இரண்டும் சரிபாதி என்று வைத்தால் ஒரு டிரைவருக்கு மாதம் 800 ரூபாய்தான் எங்களுக்குக் கூடுதல். ஏழு பேருக்கு வருஷத்துக்கு 67,200.

இனி ஒரு டிரைவர் போனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அந்தப் பெரியவர் போனபிறகு வண்டி 11 நாள் செட்டில் நின்றது. மூன்று டிரிப் போச்சு. டீசல், டோல், பேட்டா போக டிரிப்புக்கு 9,500 நிற்கும், ஆக 28,500. (சிலர் இதோடு வண்டி டியூவையும் சேர்த்துச் சொல்வார்கள். டியூ கட்டுவதே அந்த 9,500-இல்தான், சேர்த்தால் இரட்டைக் கணக்கு.) புதிதாக வந்த பையன் நல்ல பையன்தான், ஆனால் வண்டி அவன் கைக்குப் பழகவில்லை. பெரியவர் ஓட்டும்போது லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்த வண்டி இவனிடம் 3.6 கொடுத்தது. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். டிரிப்புக்கு 18 லிட்டர், அதாவது 1,700 ரூபாய். அவன் பழகுவதற்குள் 12 டிரிப் ஓடிவிட்டது, 20,400. ரிவர்ஸ் எடுக்கையில் பின்கதவை இடித்துத் தார்ப்பாயையும் கிழித்ததில் 11,000. பெரியவர் வாங்கியிருந்த அட்வான்ஸில் வராமல் போனது 18,000. கூட்டினால் 77,900.

ஒரே ஒருவர் போனதற்கான செலவு, ஏழு பேருக்கும் வருஷம் முழுக்கக் கூடுதலாகக் கொடுப்பதைவிட அதிகம். இதில் எதுவும் நம் நோட்டில் 'டிரைவர் போன செலவு' என்று ஒரு வரியாக வராது. டீசலில் கொஞ்சம், ரிப்பேரில் கொஞ்சம் என்று கரைந்துவிடும்.

அட்வான்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆளைப் பிடித்து வைக்க முப்பதாயிரம், ஐம்பதாயிரம் கொடுப்பது நம் பக்கத்தில் வழக்கம். அது யாரையும் பிடித்து வைத்து நான் பார்த்ததில்லை. அடுத்த முதலாளி அதை அடைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டு போவான், இல்லையென்றால் போனை எடுக்க மாட்டார்கள்.

ஓய்விடம் விஷயத்துக்கு வருகிறேன். தொழிலாளி ராத்தங்க வேண்டிய இடத்தில் முதலாளி ஓய்வறை தர வேண்டும் என்று 1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். எங்கள் செட்டில் ஒரு குழாய்தான் இருந்தது, குளியலும் அதில்தான். இப்போது இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை, நான்கு கட்டில், ஃபேன், தண்ணீர்த் தொட்டி போட்டிருக்கிறோம். 1,40,000 ஆனது. அக்டோபர் 2025 முதல் தயாராகும் பெரிய லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஏசி ஓட இன்ஜின் ஓட வேண்டும். கத்திரி வெயிலில் ஆலை வாசலில் பத்து மணி நேரம் நிற்கும்போது எந்த முதலாளி அதற்கு டீசல் கொடுப்பான்? நானே கொடுப்பதில்லை. கேபினுக்கு ஏசி வந்தாலும் படுக்க ஒரு கட்டில் வேண்டும்.

புதிய கணக்குக்கு வந்து 20 மாதம் ஆகிறது. இரண்டு பேர்தான் போயிருக்கிறார்கள். ஒருவன் வேகமாக ஓட்டுகிற இளவட்டம், நல்ல மாதத்தில் 1,200 குறைகிறது என்று சண்டை போட்டுவிட்டுப் போனான். அவன் சொன்னதும் நியாயம்தான். இன்னொருவர் புதுச்சேரிக்குள்ளேயே குட்டி யானை ஓட்டப் போய்விட்டார். காசு குறைவு, ஆனால் ராத்திரி வீட்டில் படுக்கலாம். அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் லாரி டிரைவர் என்றதும் மறுத்துவிட்டார்களாம். இதற்கு என்னிடம் மருந்து இல்லை. புது ஆள் வராததற்கும் இல்லை. முன்பெல்லாம் கிளீனராக ஏறியவன்தான் நான்கைந்து வருஷத்தில் ஸ்டியரிங் பிடிப்பான். கிளீனர் பேட்டாவை மிச்சம் பிடிக்கிறோம் என்று எல்லாரும் அந்த ஆளையே எடுத்துவிட்டோம், நானும்தான்.

ஹால்ட்டிங் காசை ஆலைக்காரர்களிடம் கேட்டுப் பார்த்தோம். நாங்கள் லோடு எடுக்கும் மூன்று இடத்தில், நேரம் எழுதிய ஷீட்டையும் அவர்கள் வாசல் ரெஜிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியபிறகு ஒரு இடத்தில் ஒத்துக்கொண்டார்கள். அங்கே இப்போது எங்கள் வண்டி நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறது. மற்ற இரண்டு இடத்திலும் "இஷ்டமிருந்தா எடுங்க" என்கிறார்கள். அங்கே நிற்கிற நேரத்துக்கு நாங்கள்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.